தசமம் வேண்டாம் என்று எழுதியவள்

அலுவலகத்தில் அவளுக்கு ஒழுங்கக்கா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. முகத்துக்கு நேராகவும் கூப்பிடுவார்கள், அவள் எழுந்து போன பிறகு தங்களுக்குள்ளும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கு இரண்டும் தெரியும். நாற்பத்தெட்டு வயதில் பட்டப்பெயருக்கெல்லாம் கோபப்படத் தெம்பு வேண்டும், அந்தத் தெம்பை அவள் இரண்டு பஸ் மாறி வீடு போய்ச் சேருவதற்காக மிச்சம் பிடித்து வைத்திருந்தாள்.

இருபத்திரண்டு மருத்துவ நிலையங்களுக்கு மருந்து அனுப்பும் அலுவலகம் அது. கீழ்த்தளத்தில் குளிர்க்கிடங்கு, முதல் மாடியில் நிர்வாகம், இரண்டாவது மாடியின் மூலையில் அறிக்கைப் பிரிவு. பிரிவு என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். மொத்தம் நான்கே பேர். ஒரு தலைவர், ஒழுங்கக்கா, எப்போதும் காதில் ஒயரோடு வேலை செய்யும் ஒரு பெண், அப்புறம் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகி நான்கு வருடமாகிறது, ஆனாலும் கல்யாணம் முடிந்து அலுவலகத்துக்கு வந்த முதல் நாள் போட்டிருந்த பளபளப்பான சட்டையை யாரும் மறப்பதாக இல்லை.

ஒழுங்கக்கா இங்கே சேர்ந்தது எண்களைத் தட்டச்சு செய்கிற வேலைக்கு. பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே கணினியில் ஏற்றினாள். பிறகு டாஷ்போர்டுகள் வந்தன. எந்த நிலையத்தில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரே திரையில் காட்டும் பலகைகள். எல்லாரும் சுருக்கமாகப் போர்டு என்பார்கள். அவள் அதையும் கற்றுக்கொண்டாள், மதிய இடைவேளைகளில், யாரிடமும் கேட்காமல், தப்புத் தப்பாகச் செய்து பார்த்து. கற்றுக்கொண்டதற்காக யாரும் பாராட்டவில்லை. கூடுதலாக வேலைதான் வந்தது.

நான்கு பேரும் நான்கு விதமாகப் போர்டு செய்தார்கள். தலைவருக்கு ஊதா பிடிக்கும், அதனால் அவர் போர்டில் எல்லாமே ஊதா. ஒயர்ப் பெண் ஒரே திரையில் மூன்று வகை எழுத்து போடுவாள். மாப்பிள்ளை எதைப் பார்த்தாலும் சிவப்பு அடிப்பான். கையிருப்பு குறைந்தாலும் சிவப்பு, வேன் தாமதமானாலும் சிவப்பு, தலைப்பே சிவப்பு. 'மாதாந்திர நிலை' என்று ஒரு போர்டுக்குத் தலைப்பு இருந்தது. எந்த மாதம், எதன் நிலை என்று அதைச் செய்தவருக்கே மறந்துவிட்டது. எண்களோ கேட்கவே வேண்டாம். ஒன்றில் ஆயிரத்துக்குக் கமா இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஒன்றில் தசமத்துக்குப் பிறகு நான்கு இலக்கம் வால் மாதிரி நீண்டிருக்கும்.

அப்படி ஒரு தசமம்தான் மாட்டிவிட்டது. போன வருடக் கடைசியில் இயக்குநர் ஒரு கூட்டத்தில் திரையைப் பார்த்து, ஒரு நிலையத்துக்கு நாளொன்றுக்கு 41.5 நோயாளிகள் வருகிறார்கள் என்று போட்டிருக்கிறதே, அந்த அரை ஆள் இடுப்புக்கு மேலே உள்ளவரா கீழே உள்ளவரா என்று கேட்டார். அது சராசரி என்று சொல்லியிருக்கலாம். தலைவர் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேலே வந்த தலைவர் ஒழுங்கக்காவின் மேசைக்கு எதிரே நின்று, இனிமேல் எல்லாப் போர்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதற்கு ஒரு வழிகாட்டி எழுதித் தா என்றார்.

இருபத்தோரு வருடத்தில் அவளிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. செய்து தா என்பார்கள், திருத்தித் தா என்பார்கள். எப்படி இருக்க வேண்டும் என்று நீ சொல் என்று கேட்டதில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் எவனும் படிக்க மாட்டான் என்று தெரிந்து இரண்டு பக்கத்தில் அடக்கினாள். எழுத்து ஒரே வகை, தலைப்புக்கு ஓர் அளவு, மற்றதற்கெல்லாம் ஓர் அளவு. தலைப்பைப் படித்தால் என்ன, எங்கே, எந்தத் தேதி வரை, எந்த அலகில் என்று நான்கும் தெரிய வேண்டும். எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும், ஆயிரத்துக்குக் கமா வேண்டும். கணக்கு வந்து சேராத இடத்தில் பூஜ்யம் போடக் கூடாது, சிறு கோடு போட வேண்டும். ஏனென்றால் இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு. சாம்பல் நிறம் எல்லாவற்றுக்கும் பொது. சிவப்பு, இருப்பு அடியோடு தீர்ந்தால் மட்டும். இதையெல்லாம் எழுதிவிட்டு, அரை ஆளை நினைத்துக்கொண்டு, ஒன்பதாவதாக ஒரு விதி எழுதினாள்: தசமம் வேண்டாம், எல்லா எண்களும் முழு எண்ணாகவே காட்டப்பட வேண்டும்.

எழுதியதில் அவளுக்கு மிகவும் பிடித்தது அந்த ஒன்பதாவதுதான். சுத்தமாக இருந்தது, சண்டைக்கு இடம் வைக்கவில்லை.

எழுதியதும் எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒயர்ப் பெண் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள், அடுத்த நாளே மூன்றாவது வகை எழுத்தில் ஒரு போர்டு போட்டாள். தலைவர் ஊதாவுக்கு மட்டும் விலக்கு கேட்டார், அது அலுவலகத்தின் நிறம் என்று காரணம் சொன்னார். அலுவலகத்துக்கு நிறம் என்று எதுவும் கிடையாது. ஒழுங்கக்கா ஒவ்வொரு போர்டாகத் திறந்து, தப்பைக் குறித்து, திருப்பி அனுப்பி, மறுபடி திறந்து, மறுபடி குறித்து என்று இரண்டு மாதம் ஓட்டினாள். வீட்டுக்குப் போனால் சர்க்கரை டப்பாவிலும் உப்பு டப்பாவிலும் ஒரே அளவு எழுத்தில் சீட்டு ஒட்டியிருப்பதைக் காட்டி மகள் கேலி செய்வாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் கணவர், "உங்க அம்மா என்னையும் ஒரு நாள் வலப்பக்கம் ஒட்டி நிக்கச் சொல்லப் போறா" என்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிடுவாள்.

ஆனால் மெல்ல மெல்ல நடந்தது. போர்டுகள் ஒன்றுபோல ஆயின. இயக்குநர் ஒரு நாள் தானாகவே மேலே வந்து, இப்போதுதான் என் கண்ணுக்கு எதுவும் புரிகிறது என்று சொன்னார். அடுத்த மாதம் எல்லாப் பிரிவுக்கும் இதையே கொடுப்போம், இதை எழுதியவரே ஒரு வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் விளக்கட்டும் என்றார். முதுநிலை இடம் ஒன்று காலியாக இருப்பதும் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அது நிரப்பப்படும் என்பதும் தலைவர் காதோடு காதாகச் சொன்ன சேதி. அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்றல்ல, கிடைக்காமல் போனால் மறுபடி ஒருதரம் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான்.

இப்போது கீழ்த்தளத்துக்கு வர வேண்டும்.

குளிர்க்கிடங்கைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் ஸ்டோர்காரர் என்பார்கள். இருபத்தாறு வருடமாக அங்கேயே இருப்பவர். வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். இரண்டு வருடம் முன்னால் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தினமும் மதியம் பத்து நிமிடம் நடந்து வீட்டுக்குப் போய், மனைவியைத் திருப்பிப் படுக்க வைத்து, சோறு ஊட்டிவிட்டு வருவார். அதைப் பற்றி அவர் பேச மாட்டார், ஆனால் பன்னிரண்டரைக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவில் யாரும் கிடங்குக் கதவைத் தட்ட மாட்டார்கள்.

அவருடைய வேலை இப்படி. இன்சுலின் போர்டில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண் இருக்கும், இருக்கிற மருந்து எத்தனை வாரத்துக்கு வரும் என்று. திங்கள் காலை அதைப் பார்ப்பார். ஒன்றுக்குக் கீழே இருக்கிற நிலையங்களுக்குச் செவ்வாய் வேனில் பெட்டி போகும். ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த வாரம் வரை தாங்கும், போகாது. போர்டு வருவதற்கு முன்னால் நிலையங்கள் கடிதம் எழுதிக் கேட்கும். இப்போது அவர்கள் தினமும் கணக்கைக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள், கடிதம் நின்றுபோய்விட்டது.

அந்தத் திங்களன்றும் பார்த்தார். செவ்வாயன்று ஆறு நிலையங்களுக்குப் பெட்டி போனது. பாலத்தடி நிலையத்துக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை அங்கே இன்சுலின் தீர்ந்துவிட்டது. நர்ஸ் தொலைபேசியில் கத்தி, தனி வண்டி போய்ச் சேர்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. நடுவில் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான்கு பேர் சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாவது, தையல் வேலை செய்கிற ஒரு அம்மாள், மறுபடி நடக்க முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். ஞாயிறன்று அவரை மயக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் கேள்வி வந்துவிட்டது.

ஸ்டோர்காரர் போர்டில் ஒன்று என்று பார்த்ததாகச் சொன்னார். நிர்வாக அதிகாரி அன்றைய கணக்குக் கோப்பை எடுத்துப் பார்த்தார். அதில் 0.6 இருந்தது. ஒரு வாரமல்ல, நான்கு நாளுக்கான மருந்து. போர்டோ அன்றன்றைய நிலையை மட்டும் காட்டும், போன திங்களன்று என்ன காட்டியது என்று அதில் திரும்பிப் பார்க்க முடியாது. எனவே பார்க்காமலே பார்த்ததாகச் சொல்கிறார், அல்லது வயதாகிவிட்டது என்று முடிவுக்கு வந்தார்கள். புதன்கிழமை விசாரணை. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துணைக்கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று மாடிப்படியிலேயே பேச்சு அடிபட்டது. அங்கிருந்து மதியம் வீட்டுக்கு வந்து சோறு ஊட்ட முடியாது.

தலைவர் ஒழுங்கக்காவிடம், நீயும் வழிகாட்டியை எடுத்துக்கொண்டு விசாரணைக்கு வா என்றார். நம் பிரிவில் எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று காட்டினால் போதும், வேறெதுவும் பேச வேண்டாம். அவளுக்கு ஸ்டோர்காரர்மேல் பரிதாபமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இவ்வளவு தெளிவாகச் செய்து கொடுத்தும் சரியாகப் பார்க்கவில்லையே என்று.

செவ்வாய் மதியம் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வழிகாட்டிக்கு முன், வழிகாட்டிக்குப் பின் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. இன்சுலின் போர்டில் மாப்பிள்ளை தசமத்தை எடுத்தது மூன்று வாரம் முன்னால். அதற்கு முந்தைய படம் ஒன்று இருந்தது, சிவப்பும் தசமமுமாக, 2.4, 0.8, 1.3 என்று. பிந்தைய படத்தை அவள் போன திங்கள் காலையில்தான் எடுத்திருந்தாள். சாம்பல் நிறத்தில், அமைதியாக, 3, 1, 2, 1. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தபடியே பெரிதாக்கினாள். கீழிருந்து மூன்றாவது வரி பாலத்தடி. பக்கத்தில் 1.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. கண் அந்த ஒன்றில் நின்றுவிட்டது. பிறகு போர்டைத் திறந்து வேறொரு நிலையத்தின் 1 மீது அம்புக்குறியை வைத்து உள்ளே இருக்கும் மதிப்பைப் பார்த்தாள். 0.7. இன்னொன்று, 1.4. உள்ளே எதுவும் மாறவில்லை. கணினி தன்னிடம் உள்ளதை அப்படியே வைத்துக்கொண்டு, முழு எண்ணாகக் காட்டு என்று சொன்னதற்காக அருகிலிருக்கும் முழு எண்ணை வெளியே காட்டியிருந்தது. அரைக்கு மேலே இருந்ததெல்லாம் ஒன்றாகிவிட்டது. அடியோடு தீரவில்லை என்பதால் சிவப்பும் விழவில்லை. விதி ஒன்பது, விதி எட்டு. இரண்டும் அவள் கையால் எழுதியவை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள். அவனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது, முகம் வெளிறிப்போனது.

"மாத்தும்போது உனக்குத் தோணலையாடா?"

"தோணுச்சுக்கா. வந்து கேட்டேனே. இது ஒண்ணுக்கு மட்டும் புள்ளி வெச்சுக்கட்டுமான்னு. நீங்க பையை மாட்டிட்டுக் கிளம்பிட்டு இருந்தீங்க. ஒண்ணுக்கு விட்டா எல்லாத்துக்கும் கேப்பீங்க, விலக்கெல்லாம் கிடையாதுன்னு சொன்னீங்க."

அவளுக்கு அது நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள் என்று தெரிந்தது, அந்த வாக்கியம் முழுக்க முழுக்க அவளுடையது. ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். கால் வலித்திருக்கும். தலைவரின் ஊதாவோடு மல்லுக்கட்டிய நாளாகக்கூட இருந்திருக்கும். அவள் எழுதியதை இந்த அலுவலகத்தில் சொன்னபடி கேட்டவன் ஒருத்தன்தான், அவன் கேட்டதால்தான் இது நடந்தது. இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, சலிப்புதான் வந்தது. எலும்புக்குள் இருந்து வருகிற சலிப்பு.

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தி, இந்தப் படம் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்றான். கெட்டவனல்ல. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பயந்துவிட்டான். அவள் அவனைத் திட்டவில்லை. போய் வேலையைப் பார் என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் துலக்கும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், காலியாக இருக்கும் அந்த முதுநிலை இடத்தையும் சேர்த்து. அவர் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். சொன்னால் அந்த இடம் போய்விடுமா என்று கேட்டார். போய்விடும் என்றாள். சொல்லாவிட்டால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று கேட்டார். அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் துலக்கினாள். அவரும் மறுபடி கேட்கவில்லை, தட்டுகளைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தார். நீயே முடிவு செய் என்று விட்டுவிடுகிற அந்தப் பழக்கத்துக்காக அவள் அவரைப் பல தடவை கோபித்திருக்கிறாள். அன்றைக்குக் கோபிக்கவும் முடியவில்லை.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு முதல் மாடி அறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். நிர்வாக அதிகாரி, தலைவர், ஒழுங்கக்கா, ஸ்டோர்காரர். சுவரில் திரை. ஸ்டோர்காரர் கம்பளிச் சட்டை இல்லாமல் வந்திருந்தார், அது இல்லாமல் இன்னும் சின்ன ஆளாகத் தெரிந்தார். அவள் வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனத்தில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் ஒன்று என்று பார்த்ததாகச் சொல்வார், உடனே நான் எழுந்து ஆமாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட வேண்டும், யோசிக்கவே கூடாது.

அதிகாரி கோப்பைத் திறப்பதற்குள் ஸ்டோர்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் தப்பாப் பாத்துட்டேன் சார். எழுதிக் கொடுத்துடறேன். பூஜ்யம் புள்ளி ஆறுன்னுதான் இருந்திருக்கும். எனக்குத்தான் ஒண்ணு மாதிரி தெரிஞ்சிருக்கு."

அறையில் ஒரு நிம்மதி பரவியதை அவள் பார்த்தாள். அதிகாரி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், இனி யாரும் எதையும் தேட மாட்டார்கள். அவள் எதையும் மறைக்கக்கூட வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இருபத்தோரு வருடமாகச் சும்மா உட்கார்ந்து பழகியவளுக்கு அதுவா கஷ்டம். நாளைக்கு வியாழக்கிழமை. ஒரு நிமிடம் அவள் உண்மையாகவே உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அவள் பிற்பாடு கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது, "அவர் சரியாத்தான் பாத்தார் சார்" என்றாள்.

தலைவர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை அவள் பொருட்படுத்தவில்லை. திரையில் திங்கள் காலை எடுத்த படத்தைப் போட்டாள். கீழிருந்து மூன்றாவது வரியைக் காட்டினாள். பிறகு போர்டைத் திறந்து, வெளியே ஒன்று, உள்ளே 0.7 என்பதை அம்புக்குறியால் காட்டினாள். தசமம் வேண்டாம் என்று எழுதியது நான்தான், விலக்கு கேட்டபோது கூடாது என்று சொன்னதும் நான்தான் என்றாள். மாப்பிள்ளையின் பேரை எடுக்கவில்லை. ஆட்களை எண்ணும்போது முழு எண் சரி சார், இங்கே ஒன்றுக்குக் கீழேயா மேலேயா என்பதைப் பார்த்துத்தான் வேன் போகிறது, அந்த இடத்தில் போய்ப் புள்ளியை அழித்துவிட்டேன், வாரத்துக்குப் பதிலாக நாளில் காட்டியிருந்தால் நான்கு என்று விழுந்திருக்கும், யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது என்றாள். இவ்வளவு நீளமாக அவள் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

அதிகாரி அந்தக் காகிதத்தை ஸ்டோர்காரர் பக்கமே திருப்பித் தள்ளினார். ஸ்டோர்காரர்மீது நடவடிக்கை இல்லை என்று எழுதினார். வழிகாட்டியை நிறுத்தி வைக்கச் சொன்னார், இன்றே எல்லா இருப்புப் போர்டிலும் பழையபடி தசமம் வர வேண்டும் என்றார். நாளைய கூட்டம் இல்லை. அவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றார். குரலில் கோபமில்லை, அவருக்கும் அலுப்புதான். வெளியே வந்ததும் தலைவர், முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாமே, நாமே பேசி வேறு மாதிரி முடித்திருக்கலாமே என்றார். அதனால்தான் சொல்லவில்லை என்று அவள் சொல்லவில்லை. அவர் மேலே ஏறிப் போனார். முதுநிலை இடமும் கூடவே ஏறிப் போனதாக அவளுக்குத் தோன்றியது, சிரிப்பு வரப் பார்த்தது.

அவள் படியிலேயே கொஞ்சம் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. மேலே போய் எல்லா இருப்புப் போர்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து புள்ளி வைக்க வேண்டும்.

ஸ்டோர்காரர் அறையிலிருந்து வெளியே வந்தார், அவளைப் பார்த்து நின்றார். அவள் எழுந்தாள். அவர் நன்றி சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது, அதைத் தாங்க முடியாது என்று நினைத்தாள். "மன்னிச்சிடுங்கண்ணே" என்று முந்திக்கொண்டாள்.

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "அப்ப ஒண்ணுதான் இருந்துச்சாம்மா? நிஜமாவே?"

"ஒண்ணுதான் இருந்துச்சு அண்ணே. நீங்க பாத்தது சரி."

அவர் சட்டைப் பையில் கை விட்டு ஒரு புது மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். கடையின் சீட்டு இன்னும் கிழிபடாமல் அதில் ஒட்டியிருந்தது.

"திங்கட்கிழமை கண்ணு டாக்டர்கிட்ட போனேன். ஒரு குறையும் இல்லைன்னார். நான்தான் விடாம, இல்ல சார், ஒண்ணும் ஆறும் எனக்குக் குழம்புது, ஏதாச்சும் எழுதிக் குடுங்கன்னு கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்." கூட்டைத் திறந்து பார்த்து மூடினார். "வீட்டுல அவளுக்கு மாத்திரை பிரிக்கும்போதுகூட ரெண்டு நாளா மூணு தரம் எண்ணறேன்மா. எண்ணி முடிச்சிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எண்ணச் சொல்றேன்."

தையற்கார அம்மாளுக்காகவும் மாற்றலுக்காகவும் அவள் வருத்தப்பட்டு முடித்திருந்தாள், இது அவள் கணக்கிலேயே வரவில்லை. "இனிமே எண்ண வேண்டாம்ண்ணே" என்றாள்.

அவர் தலையாட்டினார். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. கீழே இறங்கத் தொடங்கியவர் இரண்டு படி தாண்டி நின்று, திரும்பாமலே கேட்டார்.

"இப்ப எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குதே, அதுக்கு என்னம்மா பண்றது?"